இன்றைய ரூபாயும் பேங்க் வட்டியும்: ஒரு ரப்பர் தோட்டத்துக் கணக்கு

குலசேகரம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போன மாதம் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் திட்ட அறிக்கை ஃபைல் ஒன்று. வயதான ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்யலாமா என்பது அவர் கேள்வி. அறிக்கையைத் தயாரித்தவர் கடைசிப் பக்கத்தில் ஏக்கருக்கு 29,500 ரூபாய் நஷ்டம் என்று முடித்திருந்தார்.

“மரத்த வெட்டிட்டு, நிலத்த கைதச்சக்கைக்குக் குத்தகை விட்டுரவா சார்? கம்ப்யூட்டரே நஷ்டம்னு சொல்லுது.”

அன்னாசியை எங்கள் பக்கம் கைதச்சக்கை என்போம். ஃபைலைப் புரட்டினேன். ஏக்கருக்குக் கணக்கு இதுதான். நடும்போது ஒன்றரை லட்சம் செலவு. அடுத்த 6 வருடம் வருடத்துக்கு 30,000 செலவு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரக்கூடிய தொகையையும் இதில் சேர்த்தே. ஏழாம் வருடம் பால்வெட்டு தொடங்கி 20 வருடம் நடக்கும். அந்த 20 வருடமும் வருடத்துக்கு ரப்பர் ஷீட் விற்ற வரவு 1,05,000, வெட்டுக் கூலி முதலான செலவு 50,000, கையில் நிற்பது 55,000. 26-ஆம் வருடக் கடைசியில் மரத்தை விற்றால் 2 லட்சம். இந்த எண்களில் எனக்கு மறுப்பில்லை. வாத்தியார் தன் நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவை அவை.

பிரச்சினை இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முதலாவது, 55,000 என்ற எண் ஏழாம் வருடத்திலும் அதே, 26-ஆம் வருடத்திலும் அதே. அதாவது எல்லாமே இன்றைய விலையில் போட்டது. இரண்டாவது, அதைத் தள்ளிப் பார்த்த, அதாவது பின்னால் வரும் ரூபாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்த விகிதம் 11 சதவீதம். பேங்க் கேட்கும் வட்டி அது, தன் சொந்தப் பணத்துக்கு வாத்தியார் எதிர்பார்ப்பதும் அதுதான்.

பேங்க் ஏன் 11 கேட்கிறது? திருப்பி வாங்கும் ரூபாயின் மதிப்பு குறைந்திருக்கும் என்று அதற்குத் தெரியும். அந்தக் குறைவை ஈடுகட்டும் பணவீக்கப் பங்கு அந்த 11-க்குள்ளேயே இருக்கிறது. வரவைப் பணவீக்கமே இல்லாத இன்றைய ரூபாயில் எழுதிவிட்டு, பணவீக்கம் சேர்ந்த வட்டியால் தள்ளினால், பணவீக்கத்தை வட்டிப் பக்கம் மட்டும் எண்ணி வரவுப் பக்கம் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். தோட்டம் தேறாததுபோலத் தெரியும்.

இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். வரவு செலவு இன்றைய விலையில் இருந்தால், விகிதத்திலிருந்து பணவீக்கத்தை எடுக்க வேண்டும். இதை உண்மை விகிதம் என்போம். விகிதத்தை 11-லேயே வைத்துக்கொள்வதானால், ஒவ்வொரு வருட வரவையும் செலவையும் அந்த வருட விலைக்கு ஏற்றி எழுத வேண்டும். இது பெயரளவுக் கணக்கு. ஒழுங்காகச் செய்தால் இரண்டிலும் விடை ஒன்றேதான்.

வருடப் பணவீக்கம் 5 சதவீதம் என்று வைத்தோம். ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம், 2 முதல் 6 வரை ஏறி இறங்கலாம். 26 வருடத் தோட்டத்துக்கு 5 பெரிய தப்பில்லை. 11-இல் 5 போக 6 என்று கழித்துவிடாதீர்கள். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் பெயரால் வழங்கும் உறவு வகுத்தல்தான். 1.11-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.0571, அதாவது 5.71 சதவீதம். கால் சதவீதம்தானே என்று தோன்றும். தள்ளிய வரவிலிருந்து தள்ளிய செலவைக் கழித்தால் நிற்பது நிகர மதிப்பு. இந்தத் தோட்டத்தில் 6 போட்டால் அது 1.91 லட்சம், 5.71 போட்டால் 2.11 லட்சம். ஏக்கருக்கு 20,000 ரூபாய் வித்தியாசம்.

ஆமாம், 2.11 லட்சம் லாபம். அதே தோட்டம், அதே எண்கள், 29,500 நஷ்டம் என்று வந்தவை.

வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. “வட்டியைக் குறைச்சு லாபம் காட்டிட்டீங்க” என்றார். நியாயமான சந்தேகம். ஏழாம் வருடத்தை மட்டும் எடுத்து இரண்டு வழியிலும் போட்டுக் காட்டினேன். இன்றைய 55,000 ரூபாய், வருடம் 5 சதவீதம் ஏறினால் ஏழாம் வருடம் 77,391 ஆகும். அதை 11 சதவீதத்தில் 7 வருடம் பின்னால் தள்ளினால் 37,276. இன்னொரு வழி, 55,000-ஐ ஏற்றாமல் 5.714 சதவீதத்தில் 7 வருடம் தள்ளினாலும் 37,276. கால்குலேட்டரைத் தானே வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்த பிறகுதான் டீயை எடுத்துக் குடித்தார்.

எக்செலில் போடுகிறவர்களுக்கு: நடவு வருடம் `B2`-இலும், அடுத்த 26 வருடம் `B3` முதல் `B28` வரையும் இன்றைய விலையில் இருந்தால், சூத்திரம் இவ்வளவுதான்.

```
=B2+NPV((1+11%)/(1+5%)-1,B3:B28)
```

நடவுச் செலவை `NPV` அடைப்புக்குள் சேர்த்துவிட்டால் அதையும் ஒரு வருடம் தள்ளிவிடும். அது வேறு தப்பு.

கலப்பு மறுபக்கமும் நடக்கும், அதில் ஆபத்து இன்னும் அதிகம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தப்பே அதுதான். ‘உண்மை விகிதம்தான் சரி’ என்று எங்கோ படித்துவிட்டு, வருடாவருடம் விலையேற்றம் சேர்த்த வரவை அந்தக் குறைந்த விகிதத்தால் தள்ளிவிட்டேன். வாத்தியார் தோட்டத்தில் அப்படிச் செய்தால் நிகர மதிப்பு 8.26 லட்சம் வரும். நஷ்டம் என்று வந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். லாபம் என்று வந்தால் யாரும் ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை.

இனி யாராவது உங்களிடம் அறிக்கை கொடுத்தால் வட்டியைப் பார்க்கும் முன் வரவு வரிசையைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே எண் ஓடிக்கொண்டிருந்து, பக்கத்தில் பேங்க் வட்டி இருந்தால் முதல் வகைத் தப்பு. எண்கள் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்து, விகிதம் 5, 6 என்று சிறியதாக இருந்தால் இரண்டாம் வகை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கூலி மட்டும் வருடம் 8 சதவீதம் ஏறும், ஷீட் விலை ஏறாது என்று ஒரே தாளில் இரண்டு பாஷையும் கலந்திருக்கும்.

கடன் தவணையும் தேய்மானமும் இந்தக் கலப்புக்கு வழக்கமான வாசல்கள். தவணை என்பது ஒப்பந்தத்தில் எழுதிய ரூபாய், அது பணவீக்கத்தோடு ஏறாது. ஏழாம் வருடம் கட்டும் 1 லட்சம் இன்றைய விலையில் சுமார் 71,000 ரூபாய்தான். இன்றைய விலைக் கணக்கில் அதை 1 லட்சமாகவே எழுதினால் செலவு மிகையாகும். திட்டம் தேறுமா என்று பார்க்கும்போது தவணையைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் பழக்கம், ஏனென்றால் கடனின் விலை, தள்ளும் விகிதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஷீட் அடிக்கும் மெஷின், ட்ரையர் என்று யூனிட் போடுகிறவர்களுக்குத் தேய்மானமும் இதே கதை. 10 லட்ச ரூபாய் மெஷினுக்கு வருடாவருடம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் எழுதினால் ஐந்தாம் வருடம் 78,300 ரூபாய் வரும். அது வாங்கிய விலையில் எழுதியது. இன்றைய ரூபாயில் அது 61,350-தான், அதனால் மிச்சமாகும் வரியும் அந்த அளவுக்குச் சுருங்கும்.

சரி, 2.11 லட்சம் வந்துவிட்டதே, நடலாமா? வாத்தியார் எழுந்துவிட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன்.

இன்றைய விலையிலேயே 26 வருடமும் எழுதுகிறோம் என்றால், அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஷீட் விலையும் வெட்டுக் கூலியும் மற்ற எல்லாப் பொருள்களின் விலையோடு சேர்ந்தே ஏறும் என்பதுதான் அது. ரப்பர் அப்படி நடந்துகொண்டதா? புகையூட்டி உலர்த்திய ஷீட்டில் ஆர்.எஸ்.எஸ்.-4 என்ற தரம் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயை ஒட்டி இருந்தது. நடுவில் பல வருடம் படுத்துக் கிடந்து, 2024 ஆகஸ்டில்தான் 250-ஐ ஒட்டி மறுபடி வந்தது. வருடம் 5 சதவீதம் ஏறியிருந்தால் அந்த 13 வருடத்தில் 450-ஐத் தாண்டியிருக்க வேண்டும். உச்சத்துக்கு உச்சம் பார்க்கும்போதே இந்த நிலைமை. வெட்டுக் கூலியோ, ஆள் கிடைக்காத காரணத்தாலேயே ஏறிக்கொண்டு போகிறது. அருமனை, திருவட்டாறு பக்கம் ஆள் இல்லாமல் வெட்டாமலே கிடக்கும் தோட்டங்கள் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல.

அதனால் இரண்டு வரியைத் தனித்தனியாகப் பிரித்தேன். ஷீட் வரவு 1,05,000, பொது விலைவாசியைவிட வருடம் 1 சதவீதம் பின்தங்கட்டும். செலவு 50,000, வருடம் 1 சதவீதம் முந்தட்டும். வேறெதையும் தொடவில்லை. ஏழாம் வருடம் கையில் நிற்பது இன்றைய விலையில் 55,000-க்குப் பதில் சுமார் 44,250. இருபதாம் வருடம் 24,900-க்குள். கடைசி வருடம் 16,000. நிகர மதிப்பு 2.11 லட்சத்திலிருந்து 24,000-க்கு இறங்கிவிட்டது. வரவுக்கும் செலவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரண்டு பக்கமிருந்தும் அரிப்பதால், ஒரு சதவீதம்கூட இப்படித் தின்றுவிடுகிறது.

பணவீக்க அனுமானமும் இதே மாதிரி உறுத்தும். 5-க்குப் பதில் 4 என்று வைத்து, 11-ஐ அப்படியே விட்டால், உண்மை விகிதம் 6.73 ஆகி, முதல் கணக்கின் 2.11 லட்சம் 1.45 லட்சமாகும். வட்டி என்ன பணவீக்கத்தை எதிர்பார்த்து நிர்ணயிக்கப்பட்டதோ, அதையேதான் கழிக்க வேண்டும். லாபம் வர வேண்டும் என்பதற்காக 6 சதவீதம் என்று தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

“அப்போ நஷ்டம்னு அவரு சொன்னது சரிதானா சார்?” என்றார் வாத்தியார்.

இல்லை. அவர் போட்டது தப்பான கணக்கு, தற்செயலாக உண்மைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. அதில் ரப்பர் விலையோ கூலியோ எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட ஒரு வரியும் இல்லை. நாம் போட்டதில் அந்த இரண்டு ஒரு சதவீதமும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கின்றன. தப்பு என்று தெரிந்தால் மாற்றலாம்.

அந்த இரண்டு கட்டத்தில் என்ன எண் போட வேண்டும் என்று என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். தோட்டத்து வரவு செலவு நோட்டு 2009-லிருந்து அவர் வீட்டில் இருக்கிறதாம். கடையில் ஷீட் போட்ட விலையும், வெட்டுக்காரருக்குக் கொடுத்த கூலியும் வருடவாரியாக எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று ஃபைலை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.