“ரெண்டு கரெக்‌ஷன் இலவசம்” என்று எழுதி நான் பட்ட பாடு

தமிழ் யூட்யூப் சேனல்களுக்கு எடிட்டிங் செய்யத் தொடங்கிய புதிதில் என் ரேட் கார்டில் ஒரு வரி இருந்தது: “மாதம் 8 வீடியோ, 28,000 ரூபாய், ஒவ்வொன்றுக்கும் 2 கரெக்‌ஷன் இலவசம்.” தெளிவாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்தேன். அந்த வரியில் ‘வீடியோ’ என்றால் எவ்வளவு, ‘கரெக்‌ஷன்’ என்றால் எது, ‘2’ என்பதை எப்படி எண்ணுவது என்று எதுவுமே இல்லை என்பது ஒரு சமையல் வீடியோவில்தான் புரிந்தது.

அந்தச் சேனலை நடத்துபவர் ஓர் அக்கா. ஆடி மாதத்துக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் செய்து எடுத்திருந்தார். இரண்டு போன்கள், ஒன்று முன்னால், ஒன்று அடுப்புக்கு மேலே. ரா ஃபுட்டேஜ் இரண்டையும் சேர்த்து 1 மணி 50 நிமிடம். முடிந்த வீடியோ 12 நிமிடம். வழக்கமாக இப்படி ஒரு வீடியோவுக்கு எனக்கு 9 மணி நேரம் பிடிக்கும். பார்த்துப் பிரிக்க, இரண்டு கேமராவையும் ஒட்ட, வெட்ட, எழுத்துப் போட, கலர், சவுண்ட், ஏற்றி அனுப்ப எல்லாம் சேர்த்து. 3,500 ரூபாய்க்கு மணிக்கு 390 ரூபாய் அளவில் வரும். கட்டுப்படியாகும்.

முழு வீடியோவையும் மியூசிக், எழுத்து, சப்டைட்டில் என்று சகலமும் சேர்த்து அனுப்பினேன். பதிலாக வாட்ஸ்அப்பில் 11 வாய்ஸ் நோட் வந்தது. “தம்பி, அந்தக் கருவாடு கழுவுற இடத்துல கொஞ்சம் இழுக்குதுப்பா” என்றார். கருவாடு கழுவும் இடம் மூன்று இருந்தது. சரி, திருத்தி அனுப்பினேன். மறுநாள் அவர் கணவர் பார்த்துவிட்டு, கூழ் முதலில் வர வேண்டும், குழம்பு பின்னால் போக வேண்டும் என்றார். அதையும் மாற்றினேன். அதற்கடுத்த நாள் மிக்ஸி விளம்பரம் கொடுத்தவர்கள் பார்த்தார்கள். மிக்ஸி 6 விநாடிதான் தெரிகிறது, 15 விநாடி வேண்டும் என்றார்கள். பிறகு ஒரு எழுத்துப்பிழை. இப்படி ஏழு முறை. மொத்தம் 17 மணி நேரம். மணிக்கு 206 ரூபாய்.

நான்காவது முறை அனுப்பும்போது, “அக்கா, ரெண்டு கரெக்‌ஷன் முடிஞ்சுருச்சு” என்றேன். “அது அவர் சொன்னது, இது கம்பெனிக்காரங்க சொன்னது, நான் ஒண்ணுதானேப்பா சொன்னேன்” என்றார். அவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அது சரி. என் வரியில்தான் ஓட்டை.

இதில் கிரியேட்டர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று உண்டு. “இருபது விநாடி வெட்டினா போதும், அஞ்சு நிமிஷ வேலை” என்பார்கள். வெட்டுவது அஞ்சு நிமிஷம்கூட இல்லை, அஞ்சு விநாடி. ஆனால் முடிந்த வீடியோவின் இரண்டாவது நிமிடத்தில் 20 விநாடியை எடுத்தால், அந்த இடத்தில் ஓடும் மியூசிக் நடுவில் துண்டாகும். அதை மறுபடி ஒட்ட வேண்டும். தாளம் விழும் இடத்துக்குப் பொருத்தி வைத்த காட்சிகள் எல்லாம் விலகும். டிஸ்க்ரிப்ஷனில் அந்த இடத்துக்குப் பின்னால் வரும் நேரக்குறிப்புகள் அத்தனையும் 20 விநாடி தவறாகும். பிறகு எக்ஸ்போர்ட், பிறகு ஏற்றுவது. 12 நிமிடம் 4கே வீடியோ ஏறக்குறைய 4 ஜிபி வரும். அனுப்பும் முன் நான் ஒருமுறை முழுவதும் பார்த்தாக வேண்டும், அது 12 நிமிடம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதே 20 விநாடியை மியூசிக்கும் எழுத்தும் போடுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நிஜமாகவே அஞ்சு நிமிஷம்தான்.

ஆக, எத்தனை கரெக்‌ஷன் என்பதைவிட எந்தக் கட்டத்தில் கரெக்‌ஷன் என்பதுதான் காசு. இது புரிந்த பிறகு நான் வேலை செய்யும் முறையையே மாற்றினேன், ரேட்டை அப்புறம்தான் தொட்டேன்.

இப்போது முதலில் அனுப்புவது ரஃப் கட் மட்டும். கலர் இல்லை, எழுத்து இல்லை. 720பி அளவில் சுருக்கி, மூலையில் ஓடும் நேரம் தெரியும்படி வைத்து அனுப்புவேன். 12 நிமிடத்துக்கு 300 எம்பிக்குள் அடங்கும், போனிலேயே பார்த்துவிடலாம். அதோடு இந்தச் செய்தி போகும்:

“அக்கா, இது ரஃப் கட். எது முன்னால, எது பின்னால, எது வேண்டாம், எது விட்டுப்போச்சுன்னு மட்டும் பாருங்க. வீட்ல யார் பார்க்கணுமோ இப்பவே காட்டிருங்க. மூலையில ஓடுற நேரத்தைக் குறிச்சு, எல்லாத்தையும் ஒரே மெசேஜா டைப் பண்ணி அனுப்புங்க. அந்த மெசேஜ் ஒரு ரவுண்டு. நீங்க ஓகே சொன்னதும் வரிசையை பூட்டிருவேன்.”

அந்த மெசேஜில் 3 திருத்தம் இருந்தாலும் 23 இருந்தாலும் ஒரே ரவுண்டுதான். அரை மணி கழித்து “இன்னொண்ணு மறந்துட்டேன்” என்று வந்தால் நான் வேலையைத் தொடங்கியிருக்காத வரை அதையும் சேர்த்துக்கொள்வேன். கறாராக இருப்பதற்கும் கஞ்சத்தனத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

முதலில் இந்த ரஃப் கட் முறை எடுபடவில்லை. மொட்டையாக இருக்கும் வீடியோவைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் பயந்துவிடுகிறார்கள். “என்ன ப்ரோ, மியூசிக்கே இல்ல, டல்லா இருக்கு” என்று ஒரு டெக் சேனல் தம்பி இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். அதனால் இப்போது தற்காலிகமாக ஒரு மியூசிக் போட்டுவிடுகிறேன். அதையும் யூட்யூப் ஆடியோ லைப்ரரியிலிருந்துதான் எடுப்பேன். ஒருமுறை சும்மா ஒரு சினிமாப் பாட்டின் பின்னணி இசையைப் போட்டு அனுப்ப, அதுவே பிடித்துப்போய் அதையேதான் கேட்டார்கள். காப்பிரைட் கிளெய்ம் வரும், வருமானம் உங்களுக்கு வராது என்று புரியவைக்க ஒரு நாள் ஆனது.

இரண்டாவது ரவுண்டு எல்லாம் முடிந்த வீடியோ. இங்கே நான் கேட்பது எழுத்து, ஒலி, நிறம், அவ்வளவுதான். எழுத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. யூட்யூபில் ஏற்றிவிட்ட வீடியோவின் பைலை மாற்ற முடியாது. ஸ்டுடியோவில் ஒரு பகுதியை வெட்டி எறியலாம், மங்கலாக்கலாம், ஆனால் திருத்திய வீடியோவை அதே லிங்க்கில் வைக்க வழியில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் அதுவரை வந்த வியூவும் கமெண்ட்டும் போய்விடும். “வெந்தையம்” என்று திரையில் வந்துவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும், கமெண்ட்டில் ஒருவர் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்.

அதனால் திரையில் வர வேண்டிய பொருள் பெயர், அளவு, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் டைப் செய்துதான் தரச் சொல்கிறேன், வாய்ஸ் நோட்டில் வாங்குவதில்லை. அவர்கள் டைப் செய்து தந்ததை நான் தவறாகப் போட்டிருந்தால் அது என் பிழை, எத்தனை முறை ஆனாலும் கணக்கில் வராது. அவர்கள் கால் கிலோ என்று எழுதித் தந்துவிட்டுப் பிறகு அரைக் கிலோ என்றால் அது ரவுண்டு. தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருவதுண்டு. அது மென்பொருளில் எழுத்து அமைப்பைச் சரியாக வைக்காததால் வருவது, முழுக்க எடிட்டரின் பொறுப்பு.

இந்த ‘யார் பிழை’ விஷயத்தில் எங்கள் ஆட்களிடமும் குறை உண்டு. ரவுண்டு எண்ணிக்கையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தன் தவறைத் திருத்தவும் காசு கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். போனில் எடுக்கும் வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. தனி மைக்கில் பதிந்த குரலை அதோடு ஒட்டினால் தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தும், பத்தாவது நிமிடத்தில் குரல் முந்தும் அல்லது பிந்தும். “உங்க போன் சரியில்லை” என்று கிரியேட்டர் மேல் போடக் கூடாது. எடிட் தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு மென்பொருளில் சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. கிரியேட்டராக இருந்து படிக்கிறீர்கள் என்றால், எந்த வீடியோ வந்தாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் உதட்டைக் கவனியுங்கள். விலகியிருந்தால் அந்தத் திருத்தத்துக்கு ரவுண்டு கொடுக்காதீர்கள்.

இனி ரேட். பலரும் முடிந்த வீடியோவின் நிமிடக் கணக்கில் விலை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் நேரத்தைத் தின்பது ரா ஃபுட்டேஜ்தான். 40 நிமிடத்திலிருந்து 10 நிமிடம் எடுப்பதும் 3 மணி நேரத்திலிருந்து 10 நிமிடம் எடுப்பதும் ஒரே வேலை இல்லை. இப்போது என் பேக்கேஜில் ஒரு வீடியோ என்றால் 60 நிமிடம் வரை ரா ஃபுட்டேஜ், 12 நிமிடம் வரை முடிந்த வீடியோ, இரண்டு ரவுண்டு, 3,500 ரூபாய். ‘இலவசம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன், அந்த இரண்டு ரவுண்டுக்கான உழைப்பும் விலைக்குள்தான் இருக்கிறது. ரா ஃபுட்டேஜ் கூடினால் ஒவ்வொரு அரை மணிக்கும் 500. மூன்றாவது ரவுண்டிலிருந்து 700. பூட்டிய வரிசையை மாற்றச் சொன்னால் அதுவும் தனி ரவுண்டு. இந்தக் கணக்கில் அந்தக் கருவாட்டுக் குழம்பு வீடியோவுக்குக் கூடுதல் ஃபுட்டேஜ் 1,000, கூடுதல் ரவுண்டு ஐந்தில் எழுத்துப்பிழை என்னுடையது என்பதால் நான்கு, 2,800. மொத்தம் 7,300 வந்திருக்கும். வந்திருக்காது என்பதுதான் உண்மை, 700 என்று கண்ணில் பட்டதும் பாதி ரவுண்டு நின்றுபோயிருக்கும்.

மாதத்தில் பயன்படுத்தாத வீடியோ அடுத்த மாதத்துக்கு மட்டும் நகரும். பாதிப் பணம் முன்னால். ஷார்ட்ஸுக்கு ரஃப் கட் அனுப்புவதில்லை, அவ்வளவு சின்ன வீடியோவுக்கு அது வீண், ஒரே ரவுண்டு போதும். அன்றாடச் செய்திச் சேனல்களுக்கு இந்த முறையே பொருந்தாது, அங்கே கூடவே உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும், மாதச் சம்பளம்தான் சரி.

பாக்கி இருப்பது ஸ்பான்சர். அவர்கள் எனக்கு வாடிக்கையாளர் இல்லை, என்னிடம் நேரடியாகப் பேசவும் மாட்டார்கள், ஆனால் கடைசியில் வந்து வீடியோவைத் திறப்பவர்கள் அவர்கள்தான். இப்போது ஸ்பான்சர் வீடியோ என்றால் அந்தப் பகுதியின் நேரம், பொருள் தெரிய வேண்டிய விநாடி, சொல்ல வேண்டிய வரி எல்லாவற்றையும் எடிட்டுக்கு முன்னால் எழுதி வாங்கித் தரச் சொல்கிறேன். அதோடு, ஸ்பான்சரிடம் விலை பேசும்போதே ஒரு ரவுண்டுக்கு மேல் போனால் எடிட்டிங் செலவு அவர்களுடையது என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். அக்கா அப்படித்தான் செய்கிறார். போன மாதம் ஓர் எண்ணெய் விளம்பரத்துக்கு நான்கு ரவுண்டு போனது. நான் பில் அனுப்பும் முன்பே 1,400 ஜிபேயில் வந்தது, கீழே ஒரு குறிப்பு: “கம்பெனிக்காரங்க குடுத்துட்டாங்க தம்பி.”