கன்னத்தில் ஏறிய பச்சை: சுவரின் நிறத்தைத் தோலிலிருந்து கழிப்பது எப்படி

பச்சைச் சுவரை ஒட்டி ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், சுவர்ப் பக்கத் தாடையும் கழுத்தும் உடம்பு சரியில்லாதவரைப் போலக் காட்டும். உடனே பலரும் கை வைப்பது ஒயிட் பேலன்ஸில்தான். டின்ட்டை மஜந்தா பக்கம் தள்ளினால் தாடை சரியாகும். ஆனால் சுவரின் நிறமே படாத நெற்றியும் மறு கன்னமும் ரோஸ் பவுடர் போட்டதுபோல ஆகிவிடும். ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் ஒரே அளவில் மாற்றுகிறது. கோளாறோ முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது.

மெயின் லைட் சுவரில் பட்டு, பச்சையாகத் திரும்பி வந்து முகத்தில் இன்னொரு லைட்டாக விழுகிறது. ஆக, இது தோலின்மேல் படிந்த சாயம் அல்ல, கூடுதலாக வந்து சேர்ந்த வெளிச்சம். நல்ல தோல் நிறத்தை பிரஷ்ஷில் எடுத்து மேலே தடவுவது இதனால்தான் சரிப்படுவதில்லை. கன்னத்தின் சிவப்பு, வாயோரத்தின் மஞ்சள், தாடையின் லேசான நீலம் எல்லாம் ஒரே நிறமாகி முகம் பொம்மையாகிவிடும். கூடுதலாக வந்ததைக் கழிக்க வேண்டும். மேலே எதையும் பூச வேண்டியதில்லை.

அந்த வெளிச்சம் எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். பத்து நிமிடம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பச்சைக்குப் பழகிவிடும். ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதன் மோடை Luminosity ஆக்குங்கள். அதற்கும் மேலே ஒரு Hue/Saturation லேயரில் சாச்சுரேஷனை +40 ஏற்றுங்கள். வெளிச்சம், நிழல் மறைந்து நிறம் மட்டும் தெரியும். மூக்கின் பக்கவாட்டு, தாடையின் அடிப்பாகம், காது, கழுத்து என்று சுவரைப் பார்த்திருக்கும் பரப்புகள் தனியாகத் துலங்கும். மெயின் லைட் நேராக விழும் இடங்களில் பச்சை அநேகமாக இருக்காது, அந்த லைட் அதை அமுக்கிவிடும். வேலை முடியும்வரை இந்த இரண்டு லேயரையும் அவ்வப்போது போட்டுப் பார்த்து அணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. ஐட்ராப்பரை 5 by 5 Average-இல் வைத்து, Info பேனலில் RGB, HSB இரண்டையும் காட்டச் செய்யுங்கள். ஓர் உதாரணம்: வெளிச்சம் படும் கன்னம் R 196, G 150, B 128, ஹியூ 19. சுவர்ப் பக்கத் தாடை R 142, G 128, B 96, ஹியூ 42. இந்த இரண்டையும் ஒப்பிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாடை நிழலில் இருக்கிறது, கன்னம் வெளிச்சத்தில் இருக்கிறது. நிழலை நிழலோடுதான் ஒப்பிட வேண்டும். பச்சை ஏறாத மறுபக்கத் தாடை நிழலில் R 138, G 102, B 86 இருந்தால், ஹியூ 18 வரும். அதுதான் நம் இலக்கு.

ஒரு Curves லேயர் எடுத்து மாஸ்க்கைக் கறுப்பாக்குங்கள். கிரீன் சேனலில் 128-ஐ 106-க்கு இறக்குங்கள். புளூவில் 96-ஐ 88-க்கு இறக்குங்கள். ரெட்டைத் தொட வேண்டாம். பிறகு ஹார்ட்னஸ் 0, ஃபுளோ 5 முதல் 10 சதவீதம் வைத்த வெள்ளை பிரஷ்ஷால், சுவரைப் பார்த்திருக்கும் பரப்புகளில் மட்டும் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். வெளிச்சப் பகுதிக்குள் வழிந்தால் மாஸ்க்கைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதில்லை. Blend If-இல் கீழ் லேயரின் வெள்ளை ஸ்லைடரை Alt அழுத்திப் பிளந்து 130, 160 என்று வைத்தால் போதும்.

இப்போது தாடை R 142, G 106, B 88 என்று வரும். ஹியூ 20. மறுபக்க நிழலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இங்கே மோடு Normal-ஆக இருப்பதைக் கவனியுங்கள். நிறம் திருத்தும்போது Color மோடுதான் போட வேண்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் பழைய பிரகாசம் அப்படியே தங்கி, அதே தாடை R 156, G 120, B 102 ஆகும். நிறம் சரி, ஆனால் சுவர் கொடுத்த கூடுதல் வெளிச்சம் இன்னும் அங்கேயே நிற்கிறது. நிழல் பக்கம் காரணமில்லாமல் வெளுத்திருக்கும். பச்சை பலமாக ஏறியிருந்தால் Normal-ஐயே எங்கள் முதல் தேர்வாகச் சொல்வோம். தாடை ரொம்பவும் இருண்டு முகவடிவம் கெடுகிறது என்றால் மட்டும் Color.

அளவு மீறினால் காதுமடலும் உதட்டோரமும் முதலில் காட்டிக்கொடுக்கும், ஊதா கலந்த ரோஸாக மாறும். தோலில் ஹியூ 10-க்குக் கீழே போனால் பெரும்பாலும் மிகை என்று எடுத்துக்கொள்ளலாம். சுவர் படத்தில் தெரிகிறதென்றால் பச்சையை முழுவதும் துடைக்கவும் வேண்டாம். லேயரின் ஒப்பாசிட்டியை 80-க்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஆளை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.

ஆரஞ்சு உடை வேறு வகைத் தொல்லை. தோலும் ஆரஞ்சு சார்ந்த நிறம்தான் என்பதால் ஹியூவைப் பார்த்தால் பிடிபடாது. மோவாய்க்கு அடியில் R 168, G 104, B 62 இருக்கிறது என்று வையுங்கள். ஹியூ 24, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாச்சுரேஷன் 63. மறுபக்கத் தாடை நிழலில் அது 38தான். இங்கே ரெட்டை 168-லிருந்து 152-க்கு இறக்கி, புளூவை 62-லிருந்து 84-க்கு ஏற்றினால் சாச்சுரேஷன் 45 ஆகும். அதோடு நிறுத்திவிடலாம். மோவாய்க்கு அடியில் கொஞ்சம் சூடான நிறம் இருப்பது கண்ணுக்கு இயல்புதான், அதிலும் உடை படத்தில் தெரியும்போது.

முடிக்குத் தோலின் Curves லேயரை நீட்டக் கூடாது. கறுப்பு முடிக்குச் சொந்த நிறம் மிகக் குறைவு. அதன் பளபளப்புக் கோடு சுவரையே பிரதிபலிக்கிறது. சுத்தமான பக்கத்தில் அந்தக் கோடு R 58, G 54, B 52 என்றும், சுவர்ப் பக்கத்தில் R 52, G 66, B 50 என்றும் இருந்தால், முடிக்கு மட்டும் மாஸ்க் போட்ட தனி Hue/Saturation லேயரில் Greens எடுத்து சாச்சுரேஷனை -70 வரை குறையுங்கள். பச்சை போகும், ஆனால் முடி சாம்பல் பூத்ததுபோல நிற்கும். காரணம் முன்பு சொன்னதுதான்: நிறம் போனது, வெளிச்சம் போகவில்லை. அந்தக் கோட்டை மட்டும் ஒரு Curves லேயரால் சற்று இருட்டாக்கி, மேலே அதே மாஸ்க்கோடு 58, 54, 52 நிறத்தில் ஒரு Solid Color லேயரை Color மோடில் 30 சதவீதம் வையுங்கள். பறக்கும் தனி இழைகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கிடையே தெரிவது சுவரேதான். அங்கே பச்சையை எடுத்தால் தலையைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழும்.

சேனல் செத்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. கடும் ஆரஞ்சு ஏறிய இடத்தில் புளூ 0 என்றோ ரெட் 255 என்றோ காட்டினால் அந்தச் சேனலில் தோலின் விவரம் இல்லை. கர்வ்ஸில் தூக்கினால் தட்டையான திட்டுதான் வரும். ரா ஃபைல் இருந்தால் அதற்குத் திரும்பி, sRGB-க்குப் பதில் ProPhoto RGB-இல் 16 பிட்டாகத் திறந்து பாருங்கள்; 0 என்று நின்ற புளூ பல நேரம் உயிரோடு வரும். ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், மறுபக்கக் கழுத்திலிருந்து தோலை எடுத்துத் திருப்பி வைத்து, அதன் நிழலைச் சரிசெய்வதைத் தவிர வழியில்லை.