'போலாம்' எப்போ 'போலாம்னு இருக்கேன்' ஆச்சு?

ஒரு ஜோடிய கற்பனை பண்ணிக்கோங்க. வாடகை வீட்டுல ஒண்ணா இருக்காங்க, அக்ரிமென்ட் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஆரம்பத்துல ஒருத்தர் சொல்றது: "முடிஞ்சதும் கொஞ்சம் பெரிய வீடா பாக்கலாம்." ஆறு மாசம் கழிச்சு அதே ஆள், அதே வீட்டப் பத்தி: "முடிஞ்சதும் சின்னதா ஒண்ணு பாத்துக்கலாம்னு இருக்கேன்." சண்டை எதுவும் நடக்கல, சொன்னவருக்கே தான் மாத்திச் சொன்னது தெரிஞ்சிருக்காது, ஆனா கேட்டவருக்கு மட்டும் எங்கயோ சுருக்குன்னு குத்துது.

அந்தக் குத்தல் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கலாம். பேசும்போது 'வீடு', 'வாடகை' மாதிரி விஷயத்தைச் சொல்ற வார்த்தைகள நாம ஓரளவு யோசிச்சுத்தான் எடுக்கறோம். 'நான்', 'நாம', 'அது' மாதிரி சின்ன வார்த்தைங்க தன்னால வந்து விழுது, அதுல யாரும் கவனம் வைக்கறதில்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியலாளர், இந்தச் சின்ன வார்த்தைகள எண்ணியே ஒருத்தரோட கவனம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்கலாம்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவரு. 1998-ல கிறிஸ்டோபர் ஆக்னியூவும் கூட இருந்தவங்களும் இன்னொண்ணு காட்டினாங்க: உறவுல அதிகமா ஊன்றி இருக்கறவங்க, அந்த உறவப் பத்தி எழுதும்போது 'நாங்க', 'எங்க'ன்னு பன்மையில அதிகமா எழுதறாங்க. எதிர்காலத்த நினைச்சா அவங்க மனசுல ரெண்டு பேரும் சேர்ந்துதான் வர்றாங்க போல.

இந்த ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல நடந்தது. தமிழ்ல விஷயம் இன்னும் சுவாரஸ்யம் (எனக்குப் புடிச்ச பகுதி இதுதான்), ஏன்னா நாம 'நான்', 'நாம'ன்னு சொல்லவே வேண்டியதில்ல, வினைச்சொல்லோட வாலே சொல்லிடும். 'வாங்கறோம்', 'வாங்கறேன்'. ஆனா 'வாங்கணும்'னு சொன்னா யாருன்னே தெரியாது, தப்பிக்க நல்ல இடம் அது. சும்மா 'பாக்கலாம்'னா பெரும்பாலும் கேக்கறவரையும் சேத்துதான், அதோட பின்னாடி 'னு இருக்கேன்' ஒட்டினா முடிவு எடுக்கற ஆள் ஒருத்தர் ஆயிடறாரு. 'பாத்துக்க'-ல வர்ற அந்த 'க்க' இன்னும் கூர்மை, தனக்காக பண்ணிக்கறதுன்னு ஒரு வாடை அதுல இருக்கு. 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் உள்ள வித்தியாசமும் நமக்கு உண்டு, எதிர்ல நிக்கறவங்கள சேத்தா 'நாம', வெளிய விட்டா 'நாங்க'. பார்ட்னர்கிட்டயே "அடுத்த லீவுக்கு நாங்க டிரிப் போறோம்"னா அந்த 'நாங்க' வேற யாரோ.

அதுக்காக உடனே கணக்கு நோட்டு எடுத்துடாதீங்க, இதுல பொறி நிறைய. "நமக்கு இதெல்லாம் செட் ஆகாது"ன்னா அங்க 'நமக்கு'ன்னா சுத்தமா 'எனக்கு'தான். மனசு சோர்ந்து போனாலும், உடம்பு வலிச்சாலும் 'நான்' ஏறும், ஏன்னா கவனம் உள்பக்கம் திரும்புது, அதுக்கும் உறவுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். அதோட 'நாம' ஏறினா எல்லாம் நல்லதுன்னும் சொல்ல முடியாது. 2021-ல சாரா செராஜ், பென்னிபேக்கர் குழு, ரெட்டிட்ல பிரேக்கப் பத்தி எழுதின 6,803 பேரோட பத்து லட்சத்துக்கும் மேல பதிவுகள அலசினாங்க. பிரிவுக்கு மூணு மாசம் முன்னாடியே மொழி மாற ஆரம்பிச்சிருந்துது, பிரிஞ்ச வாரத்துல உச்சம். இதுல 'நான்' ஏறினது எதிர்பார்த்ததுதான், 'நாம'வும் சேர்ந்தே ஏறியிருந்துது, ஏன்னா மனசு அந்த உறவையே போட்டுக் குடைஞ்சுட்டு இருந்துருக்கு. அதுவும் பல ஆயிரம் பேரச் சேத்துப் பாத்த சராசரி, ஒருத்தரோட ஒரு வாக்கியத்த வெச்சு ஜோசியம் சொல்ல அது உதவாது.

அதனால ஒப்பிட்டா, அதே ஆளை அதே ஆளோட, அதே விஷயத்துல ஒப்பிடணும். வேலை, படிப்பு, ஜிம் இதுல எல்லாரும் 'நான்'தான் சொல்வாங்க, அதுல ஒண்ணும் இல்ல. "எனக்கு அடுத்த வருஷத்த நினைச்சா பயமா இருக்கு"ன்னு சொல்றதும் 'எனக்கு'தான், ஆனா அது கதவத் திறக்கற பேச்சு. முன்னாடி ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த வீடு, சேமிப்பு, குழந்தை, இதுல வால் 'ஓம்'லேர்ந்து 'ஏன்'னுக்கு மாறி, அது பல வாரம் திரும்பி வராமயே இருந்தா, அப்போ கவனிக்கலாம்.

அப்பவும் அர்த்தம் ஒண்ணுதான்னு இல்ல. அந்த ஜோடில "சின்னதா ஒண்ணு" சொன்னவரு வேலை போயிடுமோன்னு பயத்துல இருக்கலாம், வாடகைய எப்படிக் குடுக்கறதுன்னு தனியா மண்டைய உடைச்சுட்டு இருந்து, அந்தத் தனிமை வாக்கியத்துல கசிஞ்சிருக்கலாம். இல்ல மனசுக்குள்ள ஏற்கனவே ஒத்தை ரூம் பாத்து முடிச்சிருக்கலாம். ரெண்டுக்கும் வாக்கியம் ஒண்ணுதான். கேட்டவர் அடுத்த தடவ "அந்தச் சின்ன வீட்டுல நான் இருக்கேனா?"ன்னு சாதாரணமா கேட்டாரு. வாய் தவறினவங்க இதுக்கு பட்டுனு "அட, நாமதான், வேற யாரு"ன்னு திருத்திடுவாங்க. இவரு கொஞ்ச நேரம் போனையே பாத்துட்டு, "பாக்கணும்"னாரு.