எதுகை: இரண்டாம் எழுத்தில் இருக்கிறது விஷயம்

டர்பனில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெண் பொங்கலுக்காகப் பாட்டு எழுதி வந்தாள். ஆங்கில எழுத்தில்தான்.

பட்டுச் சேலை கட்டி ஆயா வந்தாள்
பத்து ரொட்டி கையில் தந்தாள்

“எதுகை சரியா டீச்சர்? ரெண்டு வரியும் ஒரே மாதிரிதானே ஆரம்பிக்குது?” என்றாள். ஆங்கில எழுத்தில் பட்டும் பத்தும் ஒரே எழுத்துக்கூட்டல். தமிழில் எழுதிப் பார்த்தால்தான் ஒன்றில் ட், மற்றதில் த் என்று தெரியும்.

எதுகை என்பது அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. முதல் எழுத்து ஒத்தால் மோனை. ‘அஃதொழித்து ஒன்றின் எதுகை ஆகும்’ என்கிறது தொல்காப்பியம். தலையெழுத்தை விட்டுவிட்டு மற்றது ஒன்றுவது என்று பொருள். ‘கற்க கசடறக் கற்பவை’ என்று தொடங்கும் குறளின் அடுத்த அடி ‘நிற்க அதற்குத் தக’. கற்க, நிற்க: இரண்டிலும் இரண்டாம் எழுத்து ற்.

சொல் எங்கிருந்து வந்தது? ‘எதிர்’ என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வோர் உண்டு. ஓரடிக்கு எதிராக இன்னோரடி நிற்பதால் எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. 1860இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பனுக்கு வந்த காலந்தொட்டு இங்கே தமிழருக்குப் பக்கத்திலேயே தெலுங்கரும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் ‘பிராச’ என்பார்கள். கீர்த்தனை கற்றவர்கள் ‘துவிதீயாட்சரப் பிராசம்’ என்பார்கள். இரண்டுக்கும் தமிழ் எதுகைதான். ‘ரைம்’ என்பதற்கு மட்டும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். வந்தாள், தந்தாள் என்று அடியின் கடைசியில் ஒலிப்பது இயைபு.

ஒரு நிபந்தனை பலருக்கு மறந்துபோகும். முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குத் தட்டு எதுகை. பாட்டு ஆகாது, ட் இருந்தும் பா நெடில். ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடும் கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் பட்டு, பத்து முழுத் தவறா? அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. ட், த் இரண்டும் வல்லினம். அதை இன எதுகை என்பார்கள். வள்ளுவரே ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் அடுத்த அடியை ‘எச்சத்தாற்’ என்று தொடங்குகிறார், க்கும் ச்சும். ‘அன்பீனும்’ என்பதற்கு ‘நண்பென்னும்’ போட்டது மெல்லினம். இதையும் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே எழுத்தாகத்தான் தெரியும். ஆனால் வள்ளுவர் ன், ண் வேறு என்று தெரிந்து போட்டார்; நம் பிள்ளை தெரியாமல் போட்டாள்.

தமிழ் எழுத்தில் எழுதி இரண்டாம் எழுத்தை வட்டமிடச் சொன்னேன். வட்டமிட்டாள், கொஞ்ச நேரம் முறைத்தாள், பிறகு இரண்டாம் அடியை மாற்றினாள்:

தட்டு நிறைய ரொட்டி தந்தாள்

“பத்து ரொட்டின்னு கணக்கு போச்சே டீச்சர்” என்று மட்டும் கொஞ்சம் வருத்தம்.