விடுதியில் ஒரு ஆளைச் சேர்த்ததும் விளக்கொளி ஏன் மாறுகிறது?

கோவையில் கேமிங் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். திருப்பூர், பொள்ளாச்சி, கோபி பக்கமிருந்தெல்லாம் மெஷின் வரும். அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "ஏனுங்ண்ணா, கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுங்ளா? ஸ்கைரிம் மட்டும் க்ராஷ் ஆகுதுங்க." மற்ற கேம்கள் மணிக்கணக்கில் ஓடுகின்றன, சூடும் அளவோடு இருக்கிறது என்றால் கார்டைச் சந்தேகப்பட அவசரம் வேண்டாம். க்ராஷ் எப்போதும் அதே கட்டடத்தின் வாசலில் நடந்தால், நான் முதலில் திறப்பது, கேமை மாற்ற நாமே சேர்த்துப் போடும் மாட் ஃபைல்களுக்குள் இருக்கும் ரெக்கார்டுகளை. காசு கொடுத்து கார்டு மாற்றுவதற்கு முன் நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து வந்த ஒரு தம்பியின் மெஷினை வைத்தே சொல்கிறேன். 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷன். வைட்ரன் ஊரில் இருக்கும் பேனர்ட் மேர் விடுதிதான் தகராறு. விடுதிகளை இருட்டாக்கும் ஒளி மாட் ஒன்று, பாட்டை மாற்றும் இசை மாட் ஒன்று, அந்த விடுதியில் ஒரு பெண் வீராங்கனையை உட்கார வைக்கும் துணைவர் மாட் ஒன்று போட்டிருந்தார். மூன்றும் தனித்தனியாக நன்றாக ஓடின. சேர்த்துப் போட்டால் விடுதியில் பழைய வெளிச்சம், பழைய பாட்டு. அப்புறம் உள்ளே நுழையும்போது அவ்வப்போது க்ராஷ்.

கேம் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். விடுதியின் அறை ஒரு ரெக்கார்டு. வெளிச்சம், பாட்டு, யாருக்குச் சொந்தம் எல்லாம் அதற்குள் வரிவரியாக இருக்கும். ஒரே ரெக்கார்டை மூன்று மாட் தொட்டால், கேம் மூன்றையும் கலந்து எடுத்துக்கொள்வதில்லை. கடைசியாக எழுதிய உயில் மட்டும் செல்லும் என்பது மாதிரி, மாட்கள் ஏறும் வரிசையான லோட் ஆர்டரில் கடைசியில் இருக்கும் மாட்டின் ரெக்கார்டு முழுசாக எடுபடும். துணைவர் மாட்டை எழுதியவர் வெளிச்சத்தைத் தொடவே இல்லை. ஆனால் ஓர் அறைக்குள் ஒரு ஆளைச் சேர்த்தால், அந்த அறையின் ரெக்கார்டும் மாட்டுக்குள் நகலாகி வந்துவிடும். அவரிடம் இருந்தது அசல் கேமின் அறை. அதனால் அசல் வெளிச்சமும் அசல் பாட்டும் கூடவே வந்து, மற்ற இரண்டு மாட்டின் வேலையையும் மூடிவிட்டன.

இதைக் கண்ணால் பார்க்க, ரெக்கார்டுகளைத் திறந்து காட்டும் எக்ஸ்எடிட் என்ற கருவி வேண்டும். ஸ்பெஷல் எடிஷனுக்கு அதன் பெயர் `SSEEdit`. மாட் மேனேஜர் வைத்திருந்தால் அதற்குள்ளிருந்தே திறங்கள், வெளியிலிருந்து திறந்தால் சில மேனேஜர்களில் உங்கள் மாட்கள் எக்ஸ்எடிட்டுக்குத் தெரியாது.

முதலில் சுத்தம். `SSEEditQuickAutoClean.exe`-ஐத் திறந்து ஒரே ஒரு ப்ளகினை, அதாவது மாட்டின் ரெக்கார்டுகள் இருக்கும் ஃபைலை, மட்டும் தேர்ந்தெடுத்தால், அது இரண்டு வேலை செய்யும். ப்ளகின் சார்ந்திருக்கும் மூல ஃபைலான மாஸ்டரில் இருப்பதை எழுத்து மாறாமல் திரும்பச் சொல்லும் ரெக்கார்டுகளை நீக்கும். மாட் எழுதும் மென்பொருளான கிரியேஷன் கிட்டில் எதையாவது திறந்து பார்த்து ஓகே கொடுத்தாலே இந்தக் குப்பை சேர்ந்துவிடும். அடுத்தது, அழிக்கப்பட்ட பொருட்கள். துணைவர் மாட்காரர் இடம் வேண்டுமென்று ஒரு பெஞ்சை டெலீட் செய்திருந்தார். அதே பெஞ்சை இன்னொரு மாட் தேடிப் போகும்போது கேம் விழுந்துவிடுகிறது. க்ராஷுக்குக் காரணம் அதுதான். எக்ஸ்எடிட் அந்தப் பெஞ்சை மீட்டு, தரைக்கு வெகு கீழே, உயர அளவு -30000 என்ற இடத்துக்குத் தள்ளி, முடக்கி வைக்கும். பெஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடுபவருக்குக் கிடைக்கும்.

இங்கே கண்ணை மூடிக்கொண்டு எல்லா மாட்டையும் சுத்தம் செய்யாதீர்கள். மாட்களின் மோதலைத் தீர்க்க எழுதிய சின்ன ப்ளகின்களான பேட்ச்களில் சில, அசல் மதிப்பை வேண்டுமென்றே திரும்ப வைத்திருக்கும். அதையும் குப்பை என்று எடுத்துவிட்டால் பேட்ச் செத்துவிடும். ப்ளகின்களை வரிசைப்படுத்தும் லூட் என்ற கருவி எந்த ப்ளகினைச் சுத்தம் செய்யச் சொல்கிறதோ அதை மட்டும் தொடுங்கள், மாட்காரரின் குறிப்பையும் படியுங்கள். அசல் கேமின் ஃபைலான `Skyrim.esm` பக்கமே போக வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு மேலே மாஸ்டர் எதுவும் கிடையாது. "deleted navmesh" என்று எச்சரிக்கை வந்தால், ஆட்கள் நடக்கும் பாதை அழிந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சுத்தம் அதைச் சரிசெய்யாது, தனியாகக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

சுத்தம் செய்ததும் ஈரோட்டுத் தம்பியின் க்ராஷ் நின்றது. வெளிச்சம் வரவில்லை. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். அறை ரெக்கார்டு அசலோடு அப்படியே ஒத்துப்போனாலும், அதற்குள் அந்த வீராங்கனை இருப்பதால் எக்ஸ்எடிட் அதை நீக்காது, நீக்கவும் கூடாது. சரி, துணைவர் மாட்டை மேலே தூக்கி வைத்தால்? ஒளி மாட் கடைசியில் வரும், வெளிச்சம் கிடைக்கும், ஆனால் இசை மாட் தோற்கும். ஒன்றை எடுத்தால் ஒன்று போகும். இதற்குத்தான் பேட்ச்.

எக்ஸ்எடிட்டில் எல்லா மாட்டையும் ஏற்றி, அந்த அறையைத் திறந்தோம். மாட் ஒவ்வொன்றும் ஒரு பத்தி, லோட் ஆர்டர்படி இடமிருந்து வலம். வலக்கோடியில் இருப்பது ஜெயிக்கிறது. சிவப்புப் பின்னணியில் நிற்கும் வரிகளில் மோதல். `XCLL - Lighting` வரியில் ஒளி மாட்டின் மதிப்பு சிவப்பு எழுத்தில், அதாவது தோற்று நின்றது. `XCMO - Music Type` வரியில் இசை மாட்டும் அப்படியே.

ஒளி மாட்டின் பத்தித் தலைப்பில் ரைட் கிளிக் செய்து "Copy as override into..." கொடுத்து, புது ஃபைலைத் தேர்ந்தெடுத்து பெயர் வைத்தோம். பக்கத்திலேயே "Deep copy" என்று தொடங்கும் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் அறைக்குள் இருக்கும் பொருட்களும் மொத்தமாக பேட்சுக்குள் வந்துவிடும், அப்புறம் புது மோதல்கள் தொடங்கும். நமக்கு வேண்டியது அறையின் வரிகள் மட்டும். இப்போது வலக்கோடியில் பேட்சின் பத்தி நிற்கிறது, வெளிச்சம் சரியாக இருக்கிறது. இசை மாட்டின் பாட்டு வரியை மவுஸால் இழுத்து பேட்சின் பத்தியில் விட வேண்டும். அந்தப் பாட்டு இசை மாட்டிலேயே புதிதாகப் பிறந்த ரெக்கார்டு என்பதால், பேட்சுக்கு அந்த மாட்டும் மாஸ்டராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்சின் மேல் ரைட் கிளிக் செய்து "Add Masters..." மூலம் சேர்த்துவிட்டு இழுங்கள். மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வலக்கோடியில் இருப்பது யார் விரும்பி வைத்த மதிப்பு, யார் அசலிலிருந்து தெரியாமல் சுமந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், எதை இழுப்பது என்று தானாகத் தெரியும்.

சேமிக்கும்போது வரும் பட்டியலில் பேட்சின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். வேறு மாட்டின் பெயரும் வந்தால், கை தவறி அதில் எதையோ மாற்றியிருக்கிறீர்கள். டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்சை லோட் ஆர்டரில் அந்த மூன்று மாட்டுக்கும் கீழே வைத்து, கேமின் மெயின் மெனுவில் கன்சோலைத் திறந்து நேராக விடுதிக்குள் போய்ப் பார்க்கலாம்:

```
coc WhiterunBanneredMare
```

இருட்டு, புதுப் பாட்டு, மூலையில் அந்த வீராங்கனை. மூன்றும் இருந்தன. இது பார்த்துக்கொள்ளத்தான், இப்படி நுழைந்த ஆட்டத்தைத் தொடர்ந்து விளையாட வேண்டாம்.

எக்ஸ்எடிட் கண்ணில் படாத மோதலும் உண்டு. இரண்டு மாட் ஒரே மூலையில் ஆளுக்கொரு மேஜை போட்டால், அவை தனித்தனி ரெக்கார்டுகள். சிவப்பே வராது, மேஜைகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். அதை நடந்துபோய்தான் பார்க்க முடியும். அதே மாதிரி, மாஸ்டராகச் சேர்த்த ஒரு மாட்டை நீக்கினால் பேட்சையும் உடனே நீக்குங்கள், இல்லாவிட்டால் கேம் மெனுவுக்கே வராமல் விழும். ஒளி மாட்டுக்கு அப்டேட் வந்தால் பேட்சில் இருப்பது பழைய மதிப்பு என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்எடிட்டில் அந்த அறையை மறுபடி திறந்து, புது வெளிச்ச வரிகளைப் பேட்சின் பத்திக்கு இழுத்துச் சேமியுங்கள்.