எண்பத்து மூண்டு பெரிசோ, எழுபத்தெட்டு பெரிசோ?

யாழ்ப்பாணத்தில் நாலு பேர் கூடினால் ஒருவரிடமாவது கிட்னிக் கல் கதை இருக்கும். "எல்லாம் இந்தச் சுண்ணாம்புத் தண்ணியால வாற வினை" என்று பழியைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டுத்தான் கதையே தொடங்கும். அந்தப் பழி முழுக்கக் கிணற்றுக்கு உரியதா என்பது வேறு வழக்கு.

இந்த முறை கல் வந்தது கோண்டாவிலில் இருக்கும் மாமாவுக்கு. பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டு மாஸ்டர் விறாந்தையில் இருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கேயோ வாசித்த இரண்டு எண்களை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பழைய முறையில் உடம்பைத் திறந்து கல்லை எடுத்தால் நூற்றுக்கு 78 பேருக்குச் சரிவருகிறது; முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு எடுத்தால் 83 பேருக்கு.

"எண்பத்து மூண்டு பெரிசோ, எழுபத்தெட்டு பெரிசோ? இதில யோசிக்க என்ன கிடக்கு, தம்பி?"

அந்த இரண்டு எண்களும் எனக்குப் பழக்கமானவை. நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். வருடா வருடம் இதே எண்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன். 1986 இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு அது. திறந்து செய்த சத்திரசிகிச்சை 350 பேருக்கு, அதில் வெற்றி 273. துளை போட்டுச் செய்தது இன்னொரு 350 பேருக்கு, வெற்றி 289. மாஸ்டரின் கணக்கில் பிழை இல்லை.

சுவரில் கிடந்த நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அதே 700 பேரையும் வேறு விதமாக எழுதிக் காட்டினேன். இந்த முறை கல்லின் அளவைப் பார்த்துப் பிரித்தேன். 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது சின்னக் கல், அதற்கு மேல் பெரிய கல்.

சின்னக் கல்லுக்காரரில் திறந்து செய்தது 87 பேருக்கு, வெற்றி 81. அதாவது 93 வீதம். துளை முறையில் 270 பேர், வெற்றி 234. அது 87 வீதம். திறந்த முறைதான் முன்னுக்கு.

சரி, அப்ப பெரிய கல்லில் துளை முறை வென்றிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். பெரிய கல்லில் திறந்து செய்தது 263 பேருக்கு, வெற்றி 192, 73 வீதம். துளை முறையில் 80 பேர், வெற்றி 55, 69 வீதம். இங்கேயும் திறந்த முறைதான் முன்னுக்கு.

மாஸ்டர் பென்சிலை வாங்கி ஒவ்வொன்றாகக் கூட்டினார். 81 உம் 192 உம் 273. 234 உம் 55 உம் 289. 87 உம் 263 உம் 350. ஒரு ஆள் கூடவில்லை, ஒரு ஆள் குறையவில்லை. சின்னக் கல்லிலும் தோற்று, பெரிய கல்லிலும் தோற்ற முறை, இரண்டையும் கூட்டினால் வெல்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை கூட்டினார்.

எங்கே நடந்தது இந்த வித்தை? வீதங்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் தெரியும். திறந்த முறைக்கு வந்த 350 பேரில் 263 பேர் பெரிய கல்லுக்காரர். துளை முறைக்கு வந்த 350 பேரில் பெரிய கல் 80 பேருக்குத்தான். ஒரு முறைக்குக் கடினமான வேலை அதிகம் கொடுக்கப்பட்டிருக்கிறது, மற்றதுக்கு லேசான வேலை.

மொத்த வீதம் என்பது சராசரிதான். ஆனால் நடுவில் நிற்கும் சராசரி அல்ல; எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். திறந்த முறையின் 93 உம் 73 உம் கலக்கும்போது பெரிய கல் கூட்டம் இழுத்து 78 இல் கொண்டுபோய் விட்டது. துளை முறையின் 87 உம் 69 உம் கலக்கும்போது சின்னக் கல் கூட்டம் மேலே இழுத்து 83 இல் நிறுத்தியது.

மாமா கணக்குக்காரர் அல்ல, தோட்டக்காரர். அவருக்குத் தண்ணீரால் சொன்னேன். இரண்டு வீடு, இரண்டு வீட்டிலும் ஒரு நல்ல தண்ணிக் கிணறு, ஒரு உவர்க் கிணறு. உங்கள் நல்ல கிணறு அவர்களுடையதைவிட நல்லது. உங்கள் உவர்க் கிணறும் அவர்களுடையதைவிட உவர் குறைவு. ஆனால் நீங்கள் தொட்டிக்குள் உவர்த் தண்ணியில் எட்டு வாளியும் நல்ல தண்ணியில் இரண்டு வாளியும் ஊற்றுகிறீர்கள், அவர்கள் மாறி ஊற்றுகிறார்கள். எந்தத் தொட்டி உவர்க்கும்?

"எங்கடதான்," என்றார் மாமா. "அதுக்குக் கிணத்தை ஏன் குறை சொல்லுவான், வாளியை எண்ண வேணும்."

எனக்குப் பத்து நிமிடம் எடுத்ததை அவர் ஒரு வரியில் முடித்தார்.

வாளி எண்ணிக்கையைச் சமப்படுத்தினால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். மொத்தம் 700 பேரில் சின்னக் கல் 357, பெரிய கல் 343. இந்த 700 பேருக்கும் திறந்த முறையே செய்திருந்தால், சின்னதில் 93 வீதமும் பெரியதில் 73 வீதமும் சரிவந்து, மொத்தத்தில் ஏறக்குறைய 83 வீதம் வரும். அத்தனை பேருக்கும் துளை முறை என்றால் 78. மாஸ்டர் கொண்டுவந்த அதே இரண்டு எண்கள், ஆனால் கதிரை மாறி உட்கார்ந்துவிட்டன.

இந்த விளையாட்டு எங்கும் எப்போதும் நடந்துவிடாது. இரண்டு முறைக்கும் சின்னக் கல், பெரிய கல் ஒரே விகிதத்தில் போயிருந்தால், உள்ளே இரண்டு இடத்திலும் தோற்றது வெளியே வெல்லவே முடியாது. அடுத்தது, மறைந்திருக்கும் காரணம் பலமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு முறைக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் நாலு, ஆறு வீதம்தான். சின்னக் கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் உள்ள வித்தியாசமோ இருபது வீதத்தை ஒட்டி நிற்கிறது. பெரியது சின்னதை விழுங்கிவிட்டது. ஆகவே யாராவது ஒரு மொத்த வீதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் கேட்பது, விளைவை இதைவிடப் பலமாக ஆட்டக்கூடியது வேறு என்ன, அது இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்ததா என்பதுதான். மருந்துச் சோதனைகளில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிப்பதும் இதற்காகவே. ஆள் அதிகமாக இருந்தால், பெயர் தெரியாத காரணங்கள்கூட இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுந்துவிடும்.

உள்ளே இரண்டு இடத்திலும் தோற்றது கூட்டினால் வெல்லும் இந்த வித்தைக்குச் சிம்சன் முரண்பாடு என்று பெயர். எட்வர்ட் சிம்சன், போர்க்காலத்தில் பிளெச்லி பார்க்கில் எதிரியின் இரகசியச் செய்திகளை உடைத்த கூட்டத்தில் வேலை செய்தவர். இதைப் பற்றி 1951 இல் எழுதினார். ஆனால் அட்னி யூல் என்ற இன்னொரு புள்ளிவிபரவியலாளர் 1903 இலேயே இதைச் சொல்லிவிட்டார். 1972 இல் பெயர் வைத்தவர் சிம்சனின் பெயரை வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மாஸ்டர் சும்மா விடுகிற ஆள் இல்லை. "அப்ப எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாச் சரிதானே?"

இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். பல பாடங்கள் இதற்கு முன்னாலேயே மணியடித்துவிடுகின்றன. கல்லின் அளவால் பிரித்தது ஏன் சரி என்றால், சிகிச்சைக்கு முன்பே கல் அந்த அளவில் இருந்தது. எந்தச் சிகிச்சை என்பதையும் அது பாதித்தது, சரிவருமா என்பதையும் அது பாதித்தது. சின்னக் கல்லுக்காக உடம்பைத் திறக்க யார்தான் அவசரப்படுவார்கள்?

இப்போது வேறொன்றை நினைத்துப் பாருங்கள். கல்லைக் கரைத்துச் சின்னதாக்கும் ஒரு மருந்து. ஒரு மாதம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கல்லை அளந்து, சின்னக் கல்லுக்காரர், பெரிய கல்லுக்காரர் என்று பிரித்து, நோ குறைந்ததா என்று பார்க்கிறோம். சின்னக் கல் உள்ள இருவரில் ஒருவர் மருந்து எடுத்தவர், மற்றவர் எடுக்காதவர். இருவருக்கும் நோ ஒரே அளவு. பெரிய கல்லிலும் அப்படியே. மருந்தால் பயனில்லை என்று எழுதிவிடலாமா? மருந்தின் வேலையே பெரிய கல்லுக்காரரைச் சின்னக் கல்லுக்காரர் ஆக்குவது. அந்த வேலையை நாமே கோடு போட்டுப் பிரித்து மறைத்துவிட்டோம். இங்கே பிரிக்காத மொத்தக் கணக்குத்தான் உண்மை சொல்லும்.

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்தால் எண்கள் ஒரே மாதிரிக்கூட இருக்கலாம். எதைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்கக் கூடாது என்பது எண்ணுக்குள் எழுதியிருக்காது. எது முன்னால் நடந்தது, எது எதனால் நடந்தது என்று அந்தத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு இதை ஒத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

அந்த 1986 ஆய்விலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. திறந்த சத்திரசிகிச்சைகள் 1972 முதல் 1980 வரை நடந்தவை. துளை முறை 1980 முதல் 1985 வரை. காலமே வேறு. இடையில் வேறு எத்தனையோ மாறியிருக்கலாம். அதோடு 93 க்கும் 87 க்கும், 73 க்கும் 69 க்கும் உள்ள இடைவெளி, இவ்வளவு ஆட்களில் தற்செயலாகவும் வரக்கூடியதுதான். அதனால் திறந்து செய்வதே நல்லது என்று நான் மாறிச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மாஸ்டர் விட்ட பிழையை நான் மறுபக்கம் நின்று விடுகிறேன். கல் இல்லாமல் போகிறதா என்பதை மட்டும்தான் இந்த எண்கள் பேசுகின்றன. காயம் எவ்வளவு, எத்தனை நாள் கட்டிலில் கிடக்க வேண்டும் என்பதைப் பேசவில்லை. அதில் துளை முறைக்குப் பக்கத்தில் பழைய முறை நிற்கவே முடியாது. இன்றைக்குக் கல்லுக்காக உடம்பைத் திறப்பது அபூர்வம்.

மாஸ்டர் நாட்காட்டித் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வேறு யாரையோ மடக்கத்தான் இருக்கும். மாமா உள்ளே போய் ஸ்கான் ரிப்போட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ர கல்லு எவ்வளவு எண்டு போட்டிருக்கு, பார்."

1.4 சென்ரிமீற்றர்.

"அப்ப அடுத்த கிழமை கிளினிக்கில டொக்டரிட்ட என்னண்டு கேக்கிறது? எத்தனை வீதம் எண்டு கேக்கக் கூடாது, என்ன?"

கேட்கலாம் என்றேன். ரிப்போட்டின் பின்பக்கம் அவரே தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார்: "என்ர வயசில, இந்தளவு கல்லோட வந்த ஆக்களுக்கு எப்பிடி?"