திட்ட விலக்கத்தோடு 32-ஐக் கூட்டாதீர்கள்

உடல் வெப்பநிலை பற்றிய ஓர் ஆய்வின் அட்டவணையைச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். சராசரி 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், திட்ட விலக்கம் 32.9. மறுபடியுமா என்றுதான் தோன்றியது. புள்ளியியல் ஆலோசனையில் இருக்கிற எவரும் இந்த 32.9-இன் உறவினர்களை நிறையவே பார்த்திருப்பார்கள். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே போனால் 131.5, கீழே வந்தால் 65.7. இந்த வெப்பநிலையில் எந்த மனிதர் நடமாடுவார்?

நடந்தது இதுதான். செல்சியஸில் சராசரி 37, திட்ட விலக்கம் 0.5. இரண்டையும் F = 1.8C + 32 என்ற ஒரே சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் அலகு மாற்றும் பக்கத்தில் 0.5 என்று தட்டினாலும் 32.9 என்றுதான் வரும், ஏனென்றால் அது நீங்கள் கொடுத்ததை ஒரு வெப்பநிலையாக எடுத்துக்கொள்கிறது. திட்ட விலக்கம் வெப்பநிலை இல்லை, வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள தூரம். எல்லா அளவுகளும் சேர்ந்து 32 நகர்ந்தால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் எப்படி மாறும்?

நம்பிக்கை வரவில்லையா, கையாலேயே போட்டுப் பாருங்கள். 36.5, 37.0, 37.5 என்று மூன்று அளவுகள். சராசரி 37. விலக்கங்கள் −0.5, 0, 0.5. வர்க்கங்களின் கூடுதல் 0.5, அதை அளவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 2-ஆல் வகுத்தால் 0.25, வர்க்கமூலம் 0.5. இப்போது அளவுகளையே மாற்றுங்கள்: 97.7, 98.6, 99.5. சராசரி 98.6, சூத்திரம் சொன்னபடியே. விலக்கங்கள் −0.9, 0, 0.9 என்றாகின்றன, 32 கழித்தலிலேயே காணாமல் போய்விட்டது. திட்ட விலக்கம் 0.9, அதாவது 0.5 × 1.8. அவ்வளவுதான். திட்ட விலக்கத்தின் வர்க்கமான பரவற்படி மட்டும் 1.8-இன் வர்க்கமான 3.24 மடங்காகும், அது வேறு கணக்கு.

பெருக்கும் எண் எதிர்மமாக இருந்தால் திட்ட விலக்கத்துக்குக் குறியை விட்டுவிடுங்கள். 100-இலிருந்து எல்லா மதிப்பெண்களையும் கழித்தால் சராசரி மாறும், திட்ட விலக்கம் அப்படியே இருக்கும்.

நம்பிக்கை இடைவெளியில்தான் கவனமானவர்களும் தடுமாறுகிறார்கள். அதன் இரு முனைகளும் வெப்பநிலைகள், ஆகவே அங்கே 32 சேர்க்க வேண்டும். ஆனால் "37 ± 0.2" என்று எழுதியிருந்தால் அந்த 0.2-க்கு 1.8 மட்டும்தான், 0.36. இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கும் 1.8 மட்டும்தான். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாகச் சொல்லும் மாறுபாட்டுக் கெழுவை மாற்றவே முயலாதீர்கள், புதிதாகக் கணக்கிடுங்கள்: மேலே உள்ள அதே தரவில் அது செல்சியஸில் 1.35%, ஃபாரன்ஹீட்டில் 0.91%. சுழியம் எங்கே என்பதே நம் வசதிக்கு வைத்துக்கொண்டதாக இருக்கும்போது அந்தச் சதவீதத்தைப் போடாமலே இருப்பது நல்லது.

தயவுசெய்து, மூலத் தரவு கையில் இருந்தால் சுருக்க எண்களைத் தொடாதீர்கள், அளவுகள் உள்ள முழு நெடுவரிசையையும் மாற்றிவிட்டுச் சராசரியும் திட்ட விலக்கமும் மறுபடி எடுங்கள். அட்டவணை மட்டும்தான் இருக்கிறதென்றால், புதிய திட்ட விலக்கத்தைப் பழையதால் வகுத்துப் பாருங்கள். 1.8 வரவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.